பிசினஸ் ஈமெயில் காம்ப்ரமைஸ்: சொல் விளக்கம்

பாரிமுனை தம்பு செட்டித் தெருவில் வக்கீல் ஆபீஸும் கிளியரிங் ஏஜெண்ட் ஆபீஸும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். வக்கீல் அறையில் 'காம்ப்ரமைஸ்' என்றால் கேஸைப் பேசி முடித்துக்கொள்வது. ஆனால் பேங்க்காரர் ஓர் இறக்குமதி வியாபாரியிடம் "உங்க சப்ளையர் மெயில் காம்ப்ரமைஸ் ஆயிருக்கு" என்றால், யாருக்கும் யாருக்கும் சமாதானம் என்று அவர் முழிப்பார். அதில் நியாயம் இருக்கிறது.

சொல்லின் வேர் லத்தீன். நடுவர் சொல்லும் தீர்ப்புக்குக் கட்டுப்படுவோம் என்று இரு தரப்பும் சேர்ந்து கொடுக்கும் வாக்கு என்பதுதான் முதல் பொருள். அதிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது என்றானது. பிற்பாடு ஆங்கிலத்தில், ஒருவரை ஆபத்திலோ அவப்பெயரிலோ மாட்டிவிடுவது என்று இன்னொரு பொருளும் கிளைத்தது. கணினிக்காரர்கள் எடுத்துக்கொண்டது இந்தக் கிளையை. 'வணிக மின்னஞ்சல் சமரசம்' என்று தமிழில் எழுதினால் அர்த்தம் தலைகீழாகிவிடும்.

மெயில் பெட்டிக்குள் நுழைந்தோ, தெரிந்தவர் போல மெயிலில் நடித்தோ வியாபாரப் பணத்தைத் திருப்பிவிடும் மோசடிக்கு 'பிசினஸ் ஈமெயில் காம்ப்ரமைஸ்' என்ற பெயரை அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. பரவலாக்கியது. அவர்களுக்கு வந்த புகார்களின்படி 2023இல் மட்டும் இந்த வகை மோசடியில் போன பணம் சுமார் 290 கோடி டாலர். அதில் நம் ஊர் வியாபாரிக்கு அதிகம் தெரியவேண்டியது, நடுவழியில் பேங்க் கணக்கை மாற்றிவிடும் வகை.

மண்ணடியில் பேரிங் விற்கும் ஒருவர் சீனாவில் 20,000 டாலருக்கு ஆர்டர் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முன்பணம் 30 சதவீதம், அதாவது 6,000 டாலர், வழக்கமான ஷாங்காய் கணக்குக்குப் போய்விட்டது. மீதி 14,000 டாலரை, சரக்கு கப்பலில் ஏறியதற்கான ரசீதான பி.எல்.லின் காப்பி வந்ததும் கட்டவேண்டும். சப்ளையர் ஆபீஸில் யாரோ ஒரு போலிப் பக்கத்தில் பாஸ்வேர்டு கொடுத்திருக்கிறார். திருடன் உள்ளே நுழைந்து, வரும் மெயில்கள் தனக்கும் தானாக வந்து சேரும்படி ஒரு விதி போட்டுவிட்டுச் சத்தமில்லாமல் படிக்கிறான். விலை, கப்பல் பெயர், கையெழுத்துப் போடும் ஆள் எல்லாம் அவனுக்குத் தெரியும். அதனால் அவனுடைய மெயில் சரியாக பி.எல். காப்பி வரும் நாளில், பழைய பேச்சின் தொடர்ச்சியாகவே வருகிறது: "எங்கள் கணக்கில் ஆடிட் நடக்கிறது, இந்த முறை எங்கள் சகோதர நிறுவனத்தின் ஹாங்காங் கணக்குக்கு அனுப்புங்கள்." கூடவே லோகோ, சீல் எல்லாம் அப்படியே இருக்கும் இன்வாய்ஸ். மாறியது பேங்க் விவரம் இருக்கும் நாலு வரி மட்டும்.

அனுப்பியவர் முகவரியைப் பார்த்தால் சில சமயம் பிடிபடும். `summit` என்பது `sumrnit` என்று இருக்கும். r-உம் n-உம் ஒட்டி நின்றால் m மாதிரியே தெரியும். ஆனால் இதை மட்டும் நம்பக்கூடாது. திருடன் சப்ளையரின் அசல் மெயில் பெட்டியிலிருந்தே அனுப்பினால் முகவரியில் ஓர் எழுத்துகூட மாறாது.

பணம் கட்டியவர் நிம்மதியாக இருப்பார். கன்டெய்னர் சென்னைத் துறைமுகத்தில் இறங்கும். அசல் பி.எல். இல்லாமலே சரக்கை விடுவிக்கும் டெலக்ஸ் ரிலீஸ் கேட்டால் சப்ளையர், "மீதிப் பணமே வரலையே" என்பார். அப்போதுதான் விஷயம் வெளியே வரும். அதற்குள் பணம் ஹாங்காங் கணக்கிலிருந்தும் கிளம்பியிருக்கும். இங்கே சரக்கு எடுக்கத் தாமதமானதற்கான டெமரேஜ் கட்டணம் ஏறிக்கொண்டிருக்கும். அப்புறம் யார் நஷ்டம் ஏற்பது என்று இரு தரப்பும் சண்டை. அங்கே வேண்டுமானால் அசல் பொருளில் ஒரு காம்ப்ரமைஸ் நடக்கலாம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? மெயில் பெட்டிக்குள் ஆள் நுழைந்ததை 'ஊடுருவல்' எனலாம். அப்போது முழுப்பெயர் 'வணிக மின்னஞ்சல் ஊடுருவல் மோசடி'. போலி முகவரியில் சப்ளையராக நடிப்பதற்கு 'ஆள்மாறாட்டம்' என்ற பழகிய சொல்லே போதும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவும் கணினிவழி ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதைப் பற்றியதுதான். நான் இந்த இன்வாய்ஸ் வகையைக் 'கணக்கு மாறாட்டம்' என்பேன். சொன்னவுடனே கடைக்காரர் எந்த வரியைப் பார்க்கவேண்டும் என்பது புரிந்துவிடுகிறது.

கணக்கு மாறியதாக மெயில் வந்தால், பழைய ஆர்டரிலோ விசிட்டிங் கார்டிலோ இருக்கும் நம்பருக்குப் போன் போட்டு, வழக்கமாகப் பேசும் ஆளிடம் கணக்கு எண்ணைப் படித்துக் காட்டச் சொல்லவேண்டும். அதே மெயிலில் இருக்கும் நம்பருக்குப் போட்டால் திருடனே எடுத்து "ஆமாம்" என்பான். உள்ளூர் சப்ளையர் பெயரில் வந்தாலும் இதே கதைதான். நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ்.ஸில் பணம் கணக்கு எண்ணைப் பார்த்தே வரவாகும். பெயர் பொருந்துகிறதா என்று பார்ப்பதில்லை. அதனால்தான் பணம் அனுப்புமுன் பெறுபவர் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1க்குள் கொண்டுவரும்படி ரிசர்வ் வங்கி சொன்னது. வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு இந்த வசதி பொருந்தாது. பணம் போய்விட்டது என்று தெரிந்தால் முதல் போன் பேங்குக்கு, பணத்தைத் திரும்ப அழைக்கும் கோரிக்கையை உடனே அனுப்பச் சொல்லி. அடுத்தது சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு, கூடவே cybercrime.gov.in தளத்தில் புகார்.