மூன்று நஷ்டத்துக்குப் பிறகு பாதி அளவு: யாருக்கு உதவும்?

"தொடர்ந்து மூன்று டிரேடு நஷ்டமானால் அடுத்ததைப் பாதி அளவில் போடு, ஒரு லாபம் வந்ததும் முழு அளவுக்குத் திரும்பு." டிரேடர்கள் பலர் பின்பற்றும் விதி இது. இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

கையில் ரூ. 5 லட்சம். ஒரு டிரேடில் இழக்கத் தயாராக இருப்பது ரூ. 5,000. ரூ. 800 விலையுள்ள பங்கில் ஸ்டாப் லாஸ் ரூ. 780 என்றால் 250 பங்குகள் வாங்கலாம். பாதி அளவு என்றால் 125. நூற்றுக்கு 40 டிரேடு ஜெயிக்கிறது, ஜெயித்தால் ரூ. 10,000 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். புரோக்கரேஜை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

மூன்று நஷ்டத்துக்குப் பிறகு ஒரு லாபம் வந்து தொடர் முறிந்தால், முழு அளவில் போட்டவருக்கு நிகர இழப்பு ரூ. 5,000. விதியைப் பின்பற்றியவருக்கு ரூ. 10,000. மீட்டுத் தரும் அந்த ஒரு டிரேடு பாதி அளவில் போனதுதான் காரணம். நான்கு நஷ்டம் என்றாலும் விதிக்காரருக்கே இழப்பு அதிகம். ஐந்தில் இருவரும் சமம். ஆறிலிருந்துதான் விதி காப்பாற்றத் தொடங்குகிறது: ரூ. 20,000-க்குப் பதில் ரூ. 17,500.

ஒவ்வொரு டிரேடும் முந்தையதைச் சாராதது என்றால், மூன்று நஷ்டத்தைத் தொட்ட தொடர்களில் 64 சதவீதம் மூன்றிலோ நான்கிலோ முடிந்துவிடும். ஆறைத் தொடுபவை ஏறத்தாழ 22 சதவீதம்தான். ஆக, இந்த விதி நீண்ட தொடருக்கு எடுத்த காப்பீடு. அதன் பிரீமியத்தை அடிக்கடி வரும் குறுகிய தொடர்களில் கட்டுகிறீர்கள். தெரிந்தே கட்டினால் தவறில்லை.

உண்மையான பலன் வேறு இடத்தில் இருக்கிறது. மேலே சொன்ன கணக்கு, உங்கள் முறை இன்னும் வேலை செய்கிறது என்று நம்பிப் போட்டது. சந்தையின் போக்கு மாறியிருந்தாலோ, நீங்களே விதிகளை மீறத் தொடங்கியிருந்தாலோ நஷ்டங்கள் ஒன்றையொன்று இழுத்து வரும். அதனால் அளவைத் தொடும் முன் ஜர்னலைத் திறந்து, தோற்ற டிரேடுகளில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள்: என்ட்ரி விதிப்படி இருந்ததா? இழப்பு ரூ. 5,000-க்குள் நின்றதா? ரூ. 7,000, ரூ. 8,000 என்று போயிருந்தால் ஸ்டாப் லாஸைத் தள்ளி வைத்திருக்கிறீர்கள், அல்லது விலை தாவி ஆர்டர் தாமதமாக நிறைவேறியிருக்கிறது. அப்போது பாதி அளவு நிச்சயம் உதவும். ஆனால் முழு அளவுக்குத் திரும்புவதை ஒரு லாபம் தீர்மானிக்கக் கூடாது. விதி மீறாத பத்து டிரேடு தீர்மானிக்கட்டும்.

நிஃப்டி ஆப்ஷனில் ஒரே லாட் வாங்குபவருக்குப் பாதி என்பதே கிடையாது. பிரீமியம் குறைவு என்று அவர் தொலைவான ஸ்ட்ரைக்குக்குப் போகிறார். போடும் பணம் குறைகிறது, ஜெயிக்கும் வாய்ப்பும் கூடவே குறைகிறது. அது அளவுக் குறைப்பு அல்ல, சோதித்துப் பார்க்காத வேறொரு முறை. அவருக்குச் சரியான பாதி, இரண்டு சிக்னலில் ஒன்றை விடுவது: எதை விடுவது என்பதைச் சிக்னல் வரும் முன்பே எழுதி வைத்துவிட்டு.