திரும்பி வந்த ‘வருத்தம்’

சில வருடங்களுக்கு முன் சுகாதார ஆய்வொன்றின் யாழ்ப்பாணப் பகுதியை ஒழுங்குபடுத்தும் வேலை என்னிடம் வந்தது. தமிழ், சிங்களம், மலாய் என்று சில மொழிகளில் ஒரே வினாக்கொத்து. ஆய்வை நடத்திய மையத்தில் இருந்தவர்களுக்கு இந்த மொழிகளில் ஒன்றும் தெரியாது. ஆகவே வழக்கமான வழிதான்: ஒருவர் ஆங்கிலத்தைத் தமிழாக்குவார், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அந்தத் தமிழைத் திரும்ப ஆங்கிலமாக்குவார், மையம் இரண்டு ஆங்கிலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். மீள்மொழிபெயர்ப்பு என்பது இதுதான்.

வினாக்கொத்தின் ஒரு பகுதி சிஈஎஸ்-டி என்கிற மனச்சோர்வு அளவுகோல். 1977இல் வெளியானது, 20 கேள்விகள், கடந்த ஒரு கிழமையைப் பற்றிக் கேட்பது. தமிழ்நாட்டில் செய்த மொழிபெயர்ப்பொன்று கையில் இருந்ததால், ‘தமிழ்தான் இருக்கிறதே’ என்று அதையே எடுத்துக்கொண்டார்கள். அதில் ஒரு வரி, ‘நான் வருத்தமாக இருந்தேன்’. மீள்மொழிபெயர்ப்பில் அது மூல ஆங்கிலமாகவே, எழுத்துக்கு எழுத்து, திரும்பி வந்தது. மையம் பச்சை நிறம் போட்டுவிட்டது.

கோப்பாயில் ஒரு வீட்டு விறாந்தையில் பரீட்சார்த்தமாகக் கேட்டோம். எழுபது வயது மதிக்கத்தக்க அம்மா, கையில் முருங்கைக்காய், முகத்தில் சிரிப்பு. இந்தக் கேள்வி வந்ததும், “ஓம் பிள்ளை, வருத்தம்தானே, சீனியும் பிரஷரும். நாள்தோறும் குளிசை” என்றார். ‘பெரும்பாலான நாட்கள்’ என்ற கட்டத்தில் புள்ளடி விழுந்தது. மூன்று புள்ளி. மொத்தம் 60இல் 16 அல்லது அதற்கு மேல் வந்தால் மனச்சோர்வு இருக்கலாம் என்று பார்க்கிற அளவுகோலில், சலரோகத்துக்காக மூன்று புள்ளி!

எங்கள் ஊரில் வருத்தம் என்றால் நோய். வருத்தக்காரர் என்றால் நோயாளி. சென்னையில் இருக்கும் மீள்மொழிபெயர்ப்பாளருக்கு அது துக்கம். அவர் பிழை எதுவும் விடவில்லை, அவருடைய தமிழில் அது சரியான விடை. போன சொல்லும் வந்த சொல்லும் ஒரே ஊர்த் தமிழில் ஓடினால், ஆய்வு நடக்கிற ஊரில் அந்தச் சொல் என்ன ஆகிறது என்பதை மையத்தின் மேசையில் யாரும் காண முடியாது.

சரி என்று, ‘கவலையாக இருந்தேன்’ என்று மாற்றி அனுப்பினோம். இங்கே ஒருவர் செத்த வீட்டுக்குப் போய்வந்தாலும் கவலை என்றுதான் சொல்வார். ஆனால் திரும்பிவந்த ஆங்கிலத்தில் அது பதற்றத்தோடு யோசித்துக்கொண்டிருப்பதாக மாறியிருந்தது. மையம் சிவப்பு நிறம் போட்டது. பிழையான சொல் தேறியது, ஊருக்குப் பொருந்திய சொல் தவறியது. அந்தச் சிவப்பை முழுக்கப் பிழை என்றும் சொல்லமாட்டேன், கவலை என்ற சொல் பதற்றத்தின் பக்கமும் சாயும்தான்.

இந்த முறையைப் பரவலாக்கிய ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970இலேயே இதன் பலவீனங்களைச் சொல்லியிருக்கிறார். கெட்டிக்கார மீள்மொழிபெயர்ப்பாளர் கோணலான வரியைக்கூட ஊகித்து நிமிர்த்திவிடுவார். பிரபலமான அளவுகோல் என்றால் இன்னும் மோசம், அவருக்கு மூலமே மனப்பாடமாக இருக்கும். அதனால் நான் இப்போது சுகாதாரத் துறைக்கு வெளியே உள்ளவரைத்தான் தேடுகிறேன், முடிந்தால் இந்த ஊர்க்காரரை.

அதற்காக இந்தச் சோதனையை விட்டுவிடவும் மாட்டேன். அதே வினாக்கொத்தில் ‘சாப்பிட மனம் வரவில்லை’ என்றிருக்கவேண்டியது, தட்டச்சில் ‘வந்தது’ ஆகிக் கிடந்தது. நான்கு பேர் வாசித்தும் கண்ணில் படவில்லை, மீள்மொழிபெயர்ப்பு உடனே காட்டிவிட்டது. விடுபட்ட எதிர்மறை, தவறிய வரி, மாறிய கால அளவு எல்லாம் இதில் தப்பாது. தப்புவது, சொல் சரியாக இருந்து கேட்பவர் காதில் வேறாக விழுவது.

அதைப் பிடிக்க வேறு வேலை வேண்டும். கேள்வியை வாசித்துவிட்டு, “இதை உங்கட சொல்லில சொல்லுங்கோ பாப்பம்” என்று கேட்பது. பிஎச்க்யூ-9 என்கிற இன்னொரு மனச்சோர்வு அளவுகோலில் இப்படித்தான் இன்னொன்று அகப்பட்டது. கடந்த இரண்டு கிழமையில் எத்தனை நாள் என்பதற்கு அங்கே நான்கு விடைகள்; இரண்டாவதைப் ‘பல நாட்கள்’ என்று தமிழாக்கியிருந்தார்கள். ஆங்கிலத்துக்கு அழகாகத் திரும்பும். ஒரு அண்ணரிடம் பதினான்கு நாளில் பல நாள் என்றால் எத்தனை என்று கேட்டேன். “கன நாள்தானே, ஒரு பத்து வரும்” என்றார். மூன்றாவது விடையோ ‘பாதி நாட்களுக்கு மேல்’. ஏணியின் இரண்டாம் படி மூன்றாம் படிக்கு மேலே போய்விட்டது. ‘சில நாட்கள்’ என்று மாற்றியதும் படி ஒழுங்காக நின்றது, மையத்தில் மட்டும் மறுபடி சிவப்பு. சிஈஎஸ்-டியில் விடைகளோடு ‘1–2 நாட்கள்’, ‘3–4 நாட்கள்’ என்று எண்களும் இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

அந்தத் துக்க வரி கடைசியில் ‘மனம் துக்கமாக இருந்தது’ என்று நின்றது. கொஞ்சம் புத்தகத் தமிழ்தான், ஆனால் கோப்பாய் அம்மா அதைக் கேட்டுவிட்டு, “அது வேற, வருத்தம் வேற” என்றார். அவர் சொன்னதைப் படிவத்தில் இரண்டு ஆங்கில வரிகளுக்குப் பக்கத்தில் மூன்றாவது நிரலாக எழுதி அனுப்பினோம். மையம் நிறத்தை மாற்றியது அதைப் பார்த்த பிறகுதான்.