கிணற்றின் அளவைத் தீர்மானிப்பது பம்ப்தான்

சென்னை போலத் தட்டையான ஊரில் பாதாளச் சாக்கடைக் குழாய்க்குச் சரிவு கொடுத்துக்கொண்டே போனால், போகப் போக அது மிக ஆழத்துக்கு இறங்கிவிடும். அதனால் வழியில் ஒரு கிணறு கட்டி, வந்து சேரும் கழிவுநீரை நீர்மூழ்கி பம்ப் வைத்து மேலே ஏற்றுகிறார்கள். நீர் ஒரு மட்டத்துக்கு ஏறினால் மேல் ஃப்ளோட் ஸ்விட்ச் பம்பை ஓடவைக்கும். இறங்கினால் கீழ் ஃப்ளோட் நிறுத்தும். இந்த இரண்டு மட்டங்களுக்கும் நடுவில் உள்ள நீர்தான் கணக்கில் வரும் கொள்ளளவு. கிணறு 5 மீட்டர் ஆழம் இருந்தாலும் மற்ற இடமெல்லாம் இந்தக் கணக்கில் சேராது.

அந்த இடைவெளி குறுகினால் பம்ப் அடிக்கடி நின்று நின்று ஓடும். நேரடியாக ஸ்டார்ட் ஆகும் மோட்டார், கிளம்பும்போது வழக்கமான மின்னோட்டத்தைப் போல ஆறு மடங்கு வரை இழுக்கும். வெப்பமோ மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். ஆறு மடங்கு என்றால் முப்பத்தாறு மடங்கு. சில நொடிகள்தான் என்றாலும், அந்தச் சூடு ஆறுவதற்குள் மறுபடி ஸ்டார்ட் ஆனால் காயிலின் காப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கருகும்.

2,000 பேர் வசிக்கும் ஒரு குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர், அதில் 80 சதவீதம் கழிவுநீர் என்று வைத்தால் நாளுக்கு 2,16,000 லிட்டர்; சராசரியாக நிமிடத்துக்கு 150. காலை நெரிசலுக்கு மூன்று மடங்கு வைத்து, 450 லிட்டர் பம்ப் ஒன்றும் அதே அளவில் மாற்று பம்ப் ஒன்றும் போடுகிறோம்.

பம்ப் எப்போது மிக அதிகமாக ஸ்டார்ட் ஆகும்? காலை நெரிசலில்தான் என்று பலரும் நினைப்பார்கள். ஆனால் அப்போது வரத்து பம்பின் திறனை நெருங்குவதால், அது நிற்காமல் நெடுநேரம் ஓடும். நள்ளிரவில் கிணறு நிறையவே நெடுநேரம் ஆகும். நிறைவதும் வேகம், வடிவதும் வேகம் என்ற நிலை இரண்டுக்கும் நடுவில், வரத்து பம்பின் திறனில் சரிபாதியாக இருக்கும்போது வருகிறது. அந்த மோசமான நிலைக்குக் கணக்குப் போட்டால் கிடைப்பது இது:

V = T × Q / 4

V கொள்ளளவு, T இரண்டு ஸ்டார்ட்டுகளுக்கு இடையே குறைந்தபட்சம் வேண்டிய நேரம், Q பம்பின் திறன். இதில் வரத்து இல்லவே இல்லை என்பதைக் கவனியுங்கள். மணிக்கு ஆறு ஸ்டார்ட் போதும் என்றால் T பத்து நிமிடம்; V = 10 × 450 / 4, அதாவது 1,125 லிட்டர். 2 மீட்டர் விட்டக் கிணற்றில் இது வெறும் 36 சென்டிமீட்டர் உயரம்.

சரிபார்க்கலாம். வரத்து 225 என்றால் நிறைய 5 நிமிடம், வடிய 5 நிமிடம். வரத்து 150 என்றால் ஏழரையும் மூன்றேமுக்காலும் சேர்ந்து பதினொன்றேகால். இரவில் 30 என்றால் மொத்தம் 40 நிமிடம். பத்துக்குக் கீழே எதுவும் இறங்கவில்லை.

"தண்ணீர் தேங்குகிறது, பெரிய பம்ப் போடு" என்பது நான் அடிக்கடி கேட்கும் யோசனை. இதே கிணற்றில் 900 லிட்டர் பம்பைப் போட்டால் T ஐந்து நிமிடமாகச் சுருங்கும். மணிக்கு 12 ஸ்டார்ட் வரை போகும். மாற்றுவதானால் ஃப்ளோட்டுகளின் இடைவெளியையும் இரட்டிக்க வேண்டும். இரண்டு பம்புகளை மாறி மாறி ஓடவிட்டால் ஒவ்வொன்றுக்கும் பாதி ஸ்டார்ட்தான். ஆனால் அதை நம்பிக் கொள்ளளவைக் குறைப்பது சரியல்ல என்பேன். ஒன்று பழுதானால் முழுச் சுமையும் மற்றதன் தலையில் விழும்.

அதற்காகக் கிணற்றை வேண்டிய மட்டும் பெரிதாக்கவும் கூடாது. நெடுநேரம் தேங்கிய கழிவுநீரில் ஆக்சிஜன் தீர்ந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயு உருவாகும். ஈரமான சுவரில் பாக்டீரியா அதைக் கந்தக அமிலமாக்க, அமிலம் கான்கிரீட்டை அரிக்கும். அதனால்தான் சராசரி வரத்தில் 30 நிமிடத்துக்கு மேல் தேங்கக் கூடாது என்று வரம்பு வைக்கிறார்கள். நம் கணக்கில் அது 4,500 லிட்டர். கீழ் ஃப்ளோட்டுக்கு அடியில் எப்போதும் நிற்கும் நீரும் இதில் சேர்த்தி.

பேனலில் ஸ்டார்ட் எண்ணும் கவுண்டர் இருந்தால் பழுதைக் கண்டுபிடிப்பது எளிது. பத்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் நாளுக்கு 144-ஐத் தாண்ட வழியே இல்லை. 300 காட்டினால், முதலில் ஃப்ளோட்டுகளின் இடைவெளி 36 சென்டிமீட்டர்தானா என்று பாருங்கள். அது சரியென்றால் அடுத்த சந்தேகம் நான்-ரிட்டர்ன் வால்வு. நீரை ஏற்றிச் செல்லும் 100 மில்லிமீட்டர் குழாய் 200 மீட்டர் போனால் அதற்குள் சுமார் 1,570 லிட்டர் நிற்கிறது. வால்வு கசிந்தால், ஏற்றிய நீரே திரும்பி வந்து மறுபடி பம்பைக் கிளப்பிவிடும்.

இதை இரவில் சோதிக்கலாம். கிணற்றுக்குள் யாரும் இறங்கக் கூடாது, அந்த வாயு உயிரைப் பறிக்கும். மேலிருந்தே டார்ச் அடித்துப் பார்த்தால் போதும். வரத்து 30 லிட்டர் என்றால், பம்ப் நின்றபின் மட்டம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர்தான் ஏற வேண்டும். அதைவிட வேகமாக ஏறினால், பேனலில் பம்பை ஆஃப் செய்துவிட்டு, நான்-ரிட்டர்ன் வால்வுக்கு அடுத்துள்ள கேட் வால்வை மூடுங்கள். ஏற்றம் உடனே தணிந்தால் குற்றவாளி நான்-ரிட்டர்ன் வால்வுதான். பெரும்பாலும் அதன் மடலுக்கு அடியில் ஒரு துணித்துண்டு சிக்கியிருக்கும்.