விரைவீக்கம் அல்ல, விரைச்சுருள் அழற்சி

எபிடிடிமிடிஸ் என்ற நோய்ப்பெயரைத் தமிழாக்கச் சொன்னால், கண்ணை மூடிக்கொண்டு 'விரைவீக்கம்' என்று எழுதிவிடுகிறார்கள். மருத்துவமனைத் துண்டறிக்கையிலும் அதுதான், பத்திரிகையின் கேள்வி பதில் பகுதியிலும் அதுதான். வேறு ஊரில் இது வெறும் சோம்பேறித்தனமாக இருக்கலாம். கடலூரிலும் புதுச்சேரியிலும் இது ஆளைத் தவறான வழியில் அனுப்பிவிடும் சொல்.

மூலச் சொல்லை விரைவாகப் பார்த்துவிடலாம். கிரேக்கத்தில் 'எபி' என்றால் மேலே; 'டிடிமோஸ்' என்றால் இரட்டை. விரைகள் இரண்டாக இருப்பதால் அவற்றை இரட்டையர் என்றார்கள். விரையின் பின்புறம் ஒட்டிக்கொண்டு, மேலிருந்து கீழ்வரை இறங்கும் ஒரு சுருண்ட குழல்தான் எபிடிடிமிஸ், அதாவது விரைச்சுருள். நீட்டிப் பிடித்தால் ஏறத்தாழ 6 மீட்டர் வரும் குழல், விரல்நீளத்துக்குள் சுருண்டு கிடக்கிறது. விந்தணுக்கள் முதிர்வது இதில்தான். இதன் வால்முனையிலிருந்து புறப்படும் விந்துக்குழாய் மேலேறி, புராஸ்டேட் சுரப்பிக்குள் சிறுநீர்த்தாரையில் போய்ச் சேர்கிறது. சிறுநீர்த்தொற்றின் கிருமி இதே வழியில் எதிர்த்திசையில் இறங்கி வந்து குழலைத் தாக்குவதுதான் நாம் பேசும் நோய்.

இனி 'விரைவீக்கம்'. யானைக்கால் நோய் பல தலைமுறைகளாக வாட்டிய கரையோரம் இது. அந்த நோயின் கொசுக்களை ஆராயும் நடுவண் அரசின் மையம் ஒன்று 1975 முதல் புதுச்சேரியில் இயங்குவது தற்செயல் அல்ல. யானைக்கால் ஒட்டுண்ணியால் விரையைச் சுற்றி நீர் கோத்துக்கொள்ளும் நிலைக்கு இங்கே மக்கள் வைத்த பெயர்தான் விரைவீக்கம். பழைய ஆட்கள் ஓதம் என்பார்கள். அது வலிக்காது, பெரும்பாலும் காய்ச்சலும் இருக்காது, ஆண்டுக்கணக்கில் மெல்லப் பெருக்கும். வேட்டியைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனவர்களைப் பார்த்து வளர்ந்த ஊர்கள் இவை. ஆகவே 'உங்களுக்கு விரைவீக்கம்' என்றால் இங்குள்ளவர் காதில் விழும் பொருள், 'அவசரமில்லை, என்றாவது அறுவை செய்துகொள்ளலாம்' என்பது. எபிடிடிமிடிஸோ நாள் கணக்கில் முற்றும்.

கடலூர் முதுநகரில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். வயது 60ஐ ஒட்டி இருக்கும், சர்க்கரை உண்டு. புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் அடைத்துக்கொண்டது. சில நாள் குழாய் போட்டு எடுத்தார்கள். பிறகு சிறுநீர் எரிந்தது; நைட்ரோஃபியூரன்டாயின் மாத்திரை கொடுத்தார்கள், எரிச்சல் தணிந்தது. அடுத்த வாரம் ஒரு பக்க விரையின் பின்புறம் வலி தொடங்கியது. மறுநாள் குளிர்காய்ச்சல். மூன்றாம் நாள் அந்தப் பக்கம் சிவந்து, தொடமுடியாமல் வீங்கியது. 'அப்பாவுக்கும் விரைவீக்கம் இருந்தது, எனக்கும் வந்துவிட்டது' என்று அவர் சொல்லிக்கொண்டு படுத்திருந்தார். மனைவி, 'அவருக்குக் காய்ச்சல் இருந்ததாங்க?' என்று கேட்ட பிறகே ஆட்டோ பிடித்தார்கள்.

அவர் விழுங்கிய மாத்திரை தரம் குறைந்ததல்ல. நைட்ரோஃபியூரன்டாயின் சிறுநீரில்தான் செறிகிறது. திசுவுக்குள் போதிய அளவு இறங்குவதில்லை. சிறுநீர்ப்பையில் கிருமி அடங்கியது, விரைச்சுருளுக்குள் புகுந்தது பிழைத்துக்கொண்டது. எரிச்சல் போனதே என்று நிம்மதியாக இருந்த நாட்களில் தொற்று கீழே வேலை பார்த்தது.

மருத்துவமனையில் முதலில் சிறுநீரை, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்பிவிட்டுத்தான் ஊசி போட்டார்கள். இந்த வரிசை முக்கியம்; மருந்து உள்ளே போன பிறகு எடுத்தால் கிருமி முளைக்காமல் போகலாம். டாப்ளர் ஸ்கேனில் விரைச்சுருள் தடித்து, இரத்த ஓட்டம் கூடியிருந்தது. சீழ் கட்டவில்லை. கல்ச்சரில் வந்தது ஈ.கோலை என்ற குடல் கிருமி. இத்தகைய தொற்றுக்கு லெவோஃபிளாக்சசின் 500 மில்லிகிராம் நாளொன்றுக்கு ஒரு வேளை, 10 நாள் என்பது நூல்கள் சொல்லும் வழக்கமான முறை. ஆனால் நம் நாட்டில் ஈ.கோலை அந்த மருந்துக் குடும்பத்துக்குப் பெரும்பாலும் மசிவதில்லை. இவருக்கும் மசியவில்லை. செஃப்ட்ரையாக்ஸோன் ஊசியில் தொடங்கி, கல்ச்சர் காட்டியபடி திசுவுக்குள் நன்றாக இறங்கும் கோட்ரைமாக்சசோலுக்கு மாற்றினார்கள். படுக்கையில் சுருட்டிய துண்டை வைத்து விரைப்பையைத் தூக்கி நிறுத்தினார்கள். துணியில் சுற்றிய பனிக்கட்டி ஒத்தடமும் வலிமாத்திரையும் கூட. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது.

காய்ச்சல் விட்டாலும் கட்டி உடனே போகாது, தடிப்பு கரையச் சில வாரங்கள் பிடிக்கும். அதற்காக மருந்தை மாற்றச் சொல்லி அலைய வேண்டியதில்லை. மூன்று நாளாகியும் வலியும் காய்ச்சலும் அசையவில்லை என்றால்தான் திரும்பப் போய்ச் சீழ் கட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மருந்து முடிந்த பிறகும் கட்டி கல்போல் நின்றால் காசநோயை நினைக்க வேண்டும். நம் நாட்டில் அது விரைச்சுருளையும் விட்டுவைப்பதில்லை.

'வீக்கம்' என்ற சொல்லே போதாது என்பதை இதிலிருந்து காணலாம். சிவப்பு, சூடு, வீக்கம், வலி நான்கும் சேர்ந்ததுதான் அழற்சி. அழல் என்றால் நெருப்பு. அந்த வேரில் காய்ச்சலும் எரிச்சலும் சொல்லாமலே அடங்கியிருக்கின்றன. இத்தனை நல்ல சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு வீக்கம் என்று எழுதுவது எனக்கு விளங்கவில்லை. 'விரை அழற்சி' என்பாரும் உண்டு. அது விரையே அழலும் ஆர்க்கிடிஸுக்கு உரிய பெயர். நோய் முற்றினால் இரண்டும் சேர்ந்தே வரும் என்பது உண்மை, அதற்காக இரண்டுக்கும் ஒரே பெயர் வைக்க முடியாது. 'மேல்விரை அழற்சி' என்பது கிரேக்கத்தை எழுத்தெண்ணிப் பெயர்த்தது. படித்தவர் விரையின் மேல்பாதி என்று எண்ணிக்கொள்வார். தொற்று முதலில் பிடிப்பதோ பெரும்பாலும் கீழே இருக்கும் வால்பகுதியை. 'விரைச்சுருட்குழல் அழற்சி' இலக்கணத்துக்குப் பொருந்தும், நாக்குக்குப் பொருந்தாது. விரைச்சுருள் அழற்சி என்பது போதும். அதுவும் வாயில் வராவிட்டால் எபிடிடிமிடிஸ் என்றே சொல்லுங்கள். தவறான தமிழைவிடச் சரியான கிரேக்கம் மேல்.

ஒரு சொல் மட்டும் எல்லாவற்றிலும் மோசம்: 'விரை முறுக்கு நோய்' என்று இதையே எழுதியிருந்த ஒரு துண்டறிக்கை. முறுக்கு முற்றிலும் வேறு. அது பெரும்பாலும் பதின்வயதில், சட்டென்று, வாந்தியோடு வரும். இரத்த ஓட்டம் அறுந்து, 6 மணி நேரத்துக்குள் பிரித்துவிடாவிட்டால் விரை செத்துப்போகக்கூடும். ஐயம் வந்தால் ஸ்கேனுக்குக்கூடக் காத்திராமல் அறுவைக்கு எடுப்பார்கள்.

'பால்வினை நோய்' என்று மொத்தமாக முத்திரை குத்துவதும் அதே ரகம். 35 வயதுக்குக் கீழே கிளமிடியா, கொனோரியா கிருமிகளே அதிகம் காரணம் என்பதால், அங்கே செஃப்ட்ரையாக்ஸோன் ஊசியோடு டாக்சிசைக்ளின் தருவார்கள். துணைக்கும் மருந்து வேண்டும், முடியும்வரை உறவு கூடாது. மூத்திரக்குழாய் போட்டு எடுத்த அறுபது வயதுக்காரரின் சீட்டில் அந்தச் சொல்லை எழுதினால், அவர் அதை மனைவியிடம் காட்டாமல் சட்டைப் பையிலேயே மடித்து வைத்துக்கொள்வார்.