தொழிலுறப்பில் 90 சதவீதம் பெண்கள்: இந்த எண்ணை அசைன்மென்டில் எப்படிப் படிப்பது

கொள்கை ஆய்வு அசைன்மென்டுக்கு, நம் பக்கம் தொழிலுறப்பு என்று சொல்லும் ஊரக வேலை உறுதித் திட்டத்தை எடுக்கும் பிள்ளைகள், கேரளம் என்று வந்ததும் முதல் பக்கத்திலேயே "இங்கே வேலை நாட்களில் சுமார் 90 சதவீதம் பெண்களுடையது, ஆகவே திட்டம் வெற்றி" என்று எழுதிவிடுகிறார்கள். அந்த எண் சரிதான். ஆனால் அதிலிருந்து வறுமை குறைந்தது என்று நேராகத் தாவ முடியாது. பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கத்துப் பிள்ளைகள் தங்கள் வார்டையே எடுத்துக்கொண்டால் இதை மற்றவர்களைவிடத் தெளிவாகக் காட்டலாம், அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் உரிமை என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். 2005ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டில் 100 நாள் உடலுழைப்பு வேலை தந்தது. ஆளுக்கு 100 இல்லை, குடும்பத்துக்கு 100. மாமியாரும் மருமகளும் குடும்பத்துக்கான ஒரே ஜாப் கார்டில் இருந்தால் அந்த நூறைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டியதுதான். விண்ணப்பித்து 15 நாளில் வேலை தராவிட்டால் வேலையில்லாப் படி தர வேண்டும். பயனாளிகளில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. பாலக்காடு மாவட்டத்தில் இது 2006 பிப்ரவரியில், முதல் கட்டத்திலேயே வந்துவிட்டது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் இதற்குப் பதிலாகப் புதுச் சட்டம் கொண்டுவந்து நாட்களை 125 ஆக்கியிருக்கிறது. ஆனால் நீங்கள் மதிப்பிடப் போகும் தரவெல்லாம் பழைய சட்டத்தின் காலத்துடையது, அதை முதலிலேயே எழுதிவிடுங்கள்.

சரி, 90 சதவீதத்துக்கு வருவோம். இது மொத்த வேலை நாட்களில் பெண்கள் பார்த்த நாட்களின் பங்கு. ஊரில் எத்தனை பெண்கள் வேலை கேட்டார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது என்பதை இது சொல்லாது. ஆண்கள் வராமல் போனாலே இந்தப் பங்கு ஏறிவிடும், நம் பக்கம் நடந்ததும் பெருமளவு அதுதான். 2024-25இல் கேரளத்தில் திட்டக் கூலி நாளுக்கு 346 ரூபாய், அதே காலத்தில் விவசாய வேலைக்கு ஓர் ஆண் வாங்கும் கூலி மாநிலச் சராசரியில் 700ஐத் தாண்டியிருந்தது. கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளுக்கோ கோயம்புத்தூருக்கோ கட்டட வேலைக்கோ போகிற ஆள் பாதிக் கூலிக்கு ஏன் மண்வெட்டி பிடிக்கப் போகிறார்? உத்தரப் பிரதேசத்தில் பல ஆண்டுகள் பெண்கள் பங்கு 40 சதவீதத்துக்கும் கீழேதான் இருந்தது. அங்கே ஆண்களின் வெளிக்கூலிக்கும் திட்டக் கூலிக்கும் நடுவே இவ்வளவு இடைவெளி இல்லை, இருக்கிற கொஞ்ச வேலைக்கு ஆண்களே முந்திக்கொள்கிறார்கள்.

கூலி வித்தியாசம் மட்டும்தான் காரணம் என்றும் எழுதிவிடாதீர்கள். கேரளத்தில் பெண்கள் குழுக்களின் அமைப்பான குடும்பஸ்ரீயின் ஏ.டி.எஸ். என்ற வார்டு அளவிலான கிளை உறுப்பினர்கள்தான் ஆரம்பத்திலிருந்து வேலையிடத்தைப் பார்த்துக்கொள்ளும் மேட் ஆக நின்று, ஆள் சேர்த்து, மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவை எழுதியவர்கள். வேலைக்குக் கூப்பிடுவது பக்கத்து வீட்டு அக்கா, கூட நிற்பது தெருப் பெண்கள், கூலி வருவது சொந்த வங்கிக் கணக்கில். காண்டிராக்டர் கையில் இருந்திருந்தால் இதே கூலிக்கும் இத்தனை பெண்கள் வந்திருக்க மாட்டார்கள் என்பது என் கருத்து. இது உண்மையான சாதனை, ஆனால் பங்கேற்பில் கிடைத்த சாதனை. வறுமைக்குத் தனிக் கணக்கு போட வேண்டும்.

அந்தக் கணக்கில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். நாலு பேர் உள்ள வீடு, 45 வயதுப் பெண் ஆண்டில் 64 நாள் வேலை பார்த்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 64ஐ 346ஆல் பெருக்கினால் 22,144 ரூபாய். தலைக்கு மாதம் சுமார் 461 ரூபாய். இதை அப்படியே "வருமான உயர்வு" என்று எழுதுவது தப்பு. திட்டம் இல்லாதிருந்தால் அந்த 64 நாளில் 20 நாள் அவர் தக்காளி பறிக்கவோ நிலக்கடலை பிடுங்கவோ போயிருப்பார், நாளுக்கு 450 ரூபாய் வாங்கியிருப்பார் என்றால், அந்த 9,000 ரூபாயைக் கழிக்க வேண்டும். மிச்சம் 13,144. தலைக்கு மாதம் 274 ரூபாய்தான் உண்மையில் கூடியது. அதே வார்டில் 63 வயதுப் பாட்டி ஒருவரை யாரும் தோட்ட வேலைக்குக் கூப்பிடுவதில்லை என்றால் அவருக்கு வந்த கூலி முழுவதும் கூடுதல்தான். ஆக ஒரே கூலி, ஒரே வேலை, ஆனால் வறுமை மீதான விளைவு வீட்டுக்கு வீடு வேறு. வயதுவாரியாகப் பிரிக்காமல் சராசரி மட்டும் போட்டால் இது மறைந்துபோகும்.

அப்புறம், கழிக்க வேண்டிய தொகையை எப்படிக் கண்டுபிடிப்பது? "இந்தத் திட்டம் இல்லையென்றால் என்ன செய்திருப்பீர்கள்" என்று கேட்டால் யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. மஸ்டர் ரோல் ஓடாத வாரம் ஒன்றை எடுத்து, அந்த வாரம் எங்கே வேலைக்குப் போனார், எத்தனை நாள், எவ்வளவு கூலி என்று கேளுங்கள். மழை நேரத்தில் ஒரு வாரமும் கோடையில் ஒரு வாரமும் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் மழை மறைவுப் பகுதியான சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கத்தில் கோடையில் வெளிவேலை அநேகமாக அற்றுவிடும். புதுச் சட்டம் விவசாய உச்சப் பருவத்தில் மொத்தம் 60 நாள் வரை திட்ட வேலையை நிறுத்தி வைக்கச் சொல்கிறது. அந்த நிறுத்தம் யாரைப் பாதிக்கும் என்பதையும் இந்த விவரத்திலிருந்தே காட்டலாம். தோட்டத்துக்குப் போக முடிகிற பெண்ணுக்கு இழப்பு குறைவு, பாட்டிக்கு அது வெறும் வருமானமில்லாத காலம்.

ஒப்பிடும்போதும் கவனம் வேண்டும். வேலைக்குப் போன வீட்டையும் போகாத வீட்டையும் ஒரே வார்டில் வைத்து ஒப்பிடுவது எளிது, ஆனால் பலவீனமான முறை. ஆந்திரத்தில், மாநிலம் பிரிவதற்கு முன், கூலியைக் கைரேகை வைத்து ஸ்மார்ட் கார்டு வழியாகத் தரும் முறையை 157 மண்டலங்களில் குலுக்கல் முறையில் முன்பின்னாக அறிமுகப்படுத்திச் சோதித்தார்கள். கார்டு முதலில் வந்து திட்டம் ஒழுங்காக நடந்த இடங்களில் ஏழைக் குடும்பங்களின் வருமானம் உயர்ந்தது, ஆனால் உயர்வின் பெரும்பகுதி திட்டக் கூலியில் வரவில்லை, வெளிவேலைச் சம்பாத்தியத்தில் வந்தது. அதாவது திட்டத்துக்குப் போகாத கூலிக்காரருக்கும் பயன் போய்ச் சேர்ந்திருக்கிறது. அப்படியானால் அவரை "திட்டம் தொடாதவர்" என்று வைத்து ஒப்பிட்டால் விளைவு குறைவாகத் தெரியும். முடிந்தால் நன்றாக நடக்கும் பஞ்சாயத்தையும் நடக்காத பஞ்சாயத்தையும் ஒப்பிடுங்கள்.

எதிர்ப்பக்க எடுத்துக்காட்டு பீகார். சட்டத்தில் உள்ளபடி கேட்டவர்க்கெல்லாம் வேலையும் முழுக் கூலியும் கிடைத்தால் அங்கே வறுமை 14 சதவீதப் புள்ளி குறையலாம், நடைமுறையில் குறைந்தது சுமார் 1 புள்ளிதான் என்று உலக வங்கி ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். கேரளத்தில் இந்த அளவுகோல் உதவாது. உடல்நலம், கல்வி, வாழ்க்கை வசதி மூன்றையும் சேர்த்துப் பார்த்து நிதி ஆயோக் 2023இல் வெளியிட்ட பல்பரிமாண வறுமைக் கணக்கில் கேரளம் 0.55 சதவீதத்தில் இருக்கிறது, அதில் இன்னும் என்ன குறையும்? இங்கே கோடை மாதங்களில் கடன் வாங்கினார்களா, நகை அடகு போனதா, மருந்துச் செலவைத் தள்ளிப்போட்டார்களா என்று பாருங்கள்.

கடைசியாகக் கூலித் தாமதம். மஸ்டர் ரோல் முடிந்து 15 நாளுக்குள் கூலி வர வேண்டும். திட்டத்தின் இணையதள அறிக்கையில் "உரிய நேரத்தில்" என்று வருவது, கூலியை அனுப்பச் சொல்லும் ஆணை உருவான தேதியை வைத்து. அதற்குப் பிறகு மத்திய அரசிடமிருந்து பணம் கணக்கில் விழ ஆகும் நாட்கள் அந்தக் கணக்கில் வராது. அதனால் மஸ்டர் ரோல் முடிந்த தேதியையும் பாஸ்புக்கில் பணம் ஏறிய தேதியையும் பத்துப் பதினைந்து பேரிடம் வாங்கி, பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். வாங்குவதற்கு முன் எதற்கு என்று சொல்லிச் சம்மதம் கேளுங்கள், அறிக்கையில் பெயர் போட வேண்டாம்.