எம்சிஐடி: வேறுபாடா, மாற்றமா?

போன மாசம் டிப்ரஷன் மருந்து பத்தின ஒரு கட்டுரைய தமிழ்ல எழுதிட்டிருந்தேன், அதுல "மினிமல் கிளினிக்கலி இம்பார்ட்டண்ட் டிஃபரன்ஸ்"னு ஒண்ணு வந்துச்சு, சுருக்கமா எம்சிஐடி. வார்த்தைக்கு வார்த்தை போட்டு "குறைந்தபட்ச மருத்துவ முக்கியத்துவ வேறுபாடு"ன்னு எழுதி எங்க அக்காகிட்ட காமிச்சேன், அவ இருபது வருஷமா நர்ஸ். படிச்சிட்டு ஒரே கேள்விதான் கேட்டா, "வேறுபாடுன்னா யாருக்கும் யாருக்கும் நடுவுலடா?" எனக்கு பதில் தெரியல. தேடிப் பாத்தா இந்தத் துறைக்காரங்களே அந்த கேள்விலதான் பல வருஷமா முட்டிட்டு நிக்கறாங்க.

சொல் எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாப்போம். 1989-ல கனடாவுல மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்துல யேஷ்கே, சிங்கர், கயட்னு மூணு பேர் எழுதின கட்டுரைலதான் இது இந்தப் பேர்ல வருது. அவங்க பாத்தது டிப்ரஷன் இல்ல, நாள்பட்ட இதய நோய், நுரையீரல் நோய் உள்ளவங்க. மூச்சு வாங்குறது எப்படி இருக்கு, அசதி எப்படின்னு 7 படி உள்ள கேள்விகள், ஒவ்வொரு கேள்விக்கும் சராசரியா அரைப் புள்ளி நகர்ந்தா நோயாளியே "கொஞ்சம் தேவலாம்"னு உணர்றாரு. அவங்க குடுத்த விளக்கத்தோட சாரம் இதுதான்: நோயாளி நல்லதுன்னு உணர்ற மிகச் சின்ன ஸ்கோர் நகர்வு, பெரிய பக்கவிளைவும் செலவும் இல்லாத பட்சத்துல சிகிச்சைய மாத்துற அளவுக்கு அது இருக்கணும். அதாவது ஒரே ஆள், முன்னாடி எப்படி, இப்ப எப்படி. தமிழ்ல இதுக்கு நேர் சொல் மாற்றம். ரெண்டு ஆள் நடுவுலயோ ரெண்டு கூட்டத்துக்கு நடுவுலயோ இருக்கறதுதான் வேறுபாடு. இங்கிலீஷ்ல டிஃபரன்ஸ்ங்கிற ஒரே வார்த்தை ரெண்டையும் சுமக்குது, குழப்பமெல்லாம் அந்த இடத்துலதான்.

"கிளினிக்கல்"ங்கிறதுக்கு மூலம் கிரேக்கத்துல கட்டில், படுக்கைன்னு பொருள் தர்ற சொல், வைத்தியர் படுக்கை பக்கத்துல உக்காந்து பாக்கறது. நாம "மருத்துவ"ன்னு போட்டா அந்த கட்டிலும் போயிடுது, அதுல படுத்திருக்கற ஆளும் போயிடுறாரு, டாக்டர் பாத்து முடிவு பண்ற விஷயம் மாதிரி ஆயிடுது. 2005-ல கயட்டும் ஷூனெமனும் சேர்ந்து, முக்கியமா இல்லையான்னு சொல்றது நோயாளிதான், அந்த கிளினிக்கல எடுத்துடலாம்னே எழுதிட்டாங்க. "முக்கியத்துவம்"ல இன்னொரு வம்பு இருக்கு: ஸ்டாடிஸ்டிக்ஸ்ல வர்ற சிக்னிஃபிகன்ஸையும் நம்ம செய்திகள்ல முக்கியத்துவம்னே எழுதுறாங்க. அது வெறும் "தற்செயலா வந்திருக்க வாய்ப்பு கம்மி"ன்னுதான் சொல்லுது, ஆயிரக்கணக்கான பேர வச்சு பாத்தா அரைப் புள்ளி கூட அந்த டெஸ்ட்ல பாஸ் ஆயிடும். அதனால இம்பார்ட்டண்ட்டுக்கு நான் "பொருட்படுத்தத்தக்க"ன்னு எடுத்துக்கறேன். "அத நான் பொருட்படுத்தல"ன்னு சொல்றோம்ல, அந்த பொருட்படுத்தறதுதான்.

இப்ப டிப்ரஷனுக்கு வருவோம். ரத்தம் எடுத்து அளக்க முடியாது, கேள்வி கேட்டுத்தான் அளக்கணும். மாக்ஸ் ஹாமில்டன் 1960-ல வெளியிட்ட ஸ்கேல் இன்னிக்கும் ஓடுது, 17 கேள்வி, டாக்டர் பேசிப் பாத்து மார்க் போடணும், அதிகபட்சம் 52, மார்க் கூடக்கூட நோய் அதிகம்னு அர்த்தம். அந்த 17-ல 3 கேள்வி தூக்கத்துக்கு மட்டும்: படுத்தா தூக்கம் வருதா, நடுராத்திரி முழிப்பு வருதா, விடியறதுக்கு முன்னாடியே எழுந்துடறீங்களா, ஒவ்வொண்ணுக்கும் 2 வரைக்கும், ஆக 6 மார்க். ஒரு மாத்திரை சும்மா தூக்கத்த மட்டும் குடுத்துச்சுன்னு வைங்க, அந்த மனுஷனோட வெறுமை, குற்ற உணர்ச்சி எல்லாம் அப்படியே இருக்க, ஸ்கோர் மட்டும் 3, 4 இறங்கிடும். இத மனசுல வச்சுக்கங்க, "2 புள்ளி குறைஞ்சுது"ன்னு யாராவது சொன்னா அது எந்த 2 புள்ளின்னு கேக்கணும்.

2004-ல பிரிட்டன்ல சிகிச்சை வழிகாட்டிகள் போடற நைஸ் அமைப்பு டிப்ரஷன் வழிகாட்டில ஒரு கோடு போட்டுச்சு: மருந்து குரூப்புக்கும் டம்மி மாத்திரை குரூப்புக்கும் ஹாமில்டன் ஸ்கேல்ல சராசரி 3 புள்ளி வித்தியாசம் இருந்தாத்தான் பொருட்படுத்துவோம்னு. அந்த 3, நோயாளிகளைக் கேட்டு வந்த நம்பர் இல்ல. 2008-ல கிர்ஷும் கூட இருந்தவங்களும் அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏகிட்ட கம்பெனிகள் குடுத்த டேட்டாவ சேத்துப் பாத்தா வித்தியாசம் 1.8தான், 3-ஐ தொடல, மருந்து வேஸ்ட்டுன்னு உலகம் பூரா தலைப்புச் செய்தி. அப்புறம் லாய்ஷ்ட் குழு 2013-ல டாக்டரோட பொது மதிப்பீட்டோட ஹாமில்டன் ஸ்கோர ஒப்பிட்டுச்சு. ஒரு ஆளுக்கு 3 புள்ளி வரை குறைஞ்சா டாக்டர் கண்ணுக்கு "மாற்றமில்லை"யாத்தான் படுது, "கொஞ்சம் தேவல"ன்னு சொல்ல ஏறக்குறைய 7 புள்ளி வேணும்னு வந்துச்சு. உடனே 1.8 எங்க, 7 எங்கன்னு இன்னொரு ரவுண்டு சண்டை.

இங்கதான் அக்காவோட கேள்வி. 7ங்கிறது ஒரு ஆளோட மாற்றம். 1.8ங்கிறது ரெண்டு கூட்டத்தோட சராசரிக்கு நடுவுல உள்ள வேறுபாடு. ரெண்டையும் பக்கத்துல வச்சு பெருசு சின்னது பாக்க முடியாது. ஏன்னா 100 பேருக்கு மருந்து குடுத்து சராசரி 1.8 கூடுதலா குறைஞ்சா, ஆளுக்கு 1.8 குறைஞ்சிருக்கலாம், அப்படின்னா யாருக்குமே ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. இல்ல 15 பேருக்கு 12 புள்ளி கூடுதலா குறைஞ்சு மிச்ச 85 பேருக்கு ஒண்ணுமே நடக்காமலும் இருந்திருக்கலாம், 15 பெருக்கல் 12, 180, நூறால வகுத்தா அதே 1.8. சராசரிய மட்டும் பாத்தா இது ரெண்டும் ஒரே மாதிரி. 2022-ல ஸ்டோன் குழு எஃப்டிஏ கிட்ட இருந்த 73,388 பேரோட தனித்தனி டேட்டாவ எடுத்துப் பாத்துச்சு, சராசரி வேறுபாடு 1.75தான், ஆனா டம்மி மாத்திரைல வர்றத தாண்டி பெரிய பலன் கிடைச்சது சுமார் 15 சதவீதம் பேருக்குன்னு அவங்க மாடல் சொல்லுது. எந்த 15-னு முன்கூட்டி சொல்லத் தெரியல, அது வேற கவலை. (இத படிச்சிட்டு யாரும் மாத்திரைய படக்குன்னு நிறுத்திடாதீங்க, நிறுத்துறதுன்னா டாக்டர்கிட்ட பேசி படிப்படியாத்தான்.)

நோயாளிகளையே கேட்டவங்களும் இருக்காங்க. 2015-ல பட்டன் குழு பிரிட்டன்ல சாதாரண டாக்டர்கிட்ட வர்றவங்கள வச்சு, நோயாளியே நிரப்பற பெக் டிப்ரஷன் கேள்வித்தாள் ஸ்கோரையும் "இப்ப தேவலையா, அப்படியேவா, மோசமா"ங்கிற பதிலையும் ஒப்பிட்டாங்க. வந்த விடை ஒரு நிலையான நம்பர் இல்ல, விகிதம்: ஆரம்ப ஸ்கோர்ல 17.5 சதவீதம் குறைஞ்சா தேவலன்னு உணர்றாங்க. 20-ல ஆரம்பிச்சவருக்கு 3.5 போதும், 40-ல இருக்கறவருக்கு 7 வேணும். மருந்துக்கு அடங்காம இழுத்துட்டே போற டிப்ரஷன்ல அது 32 சதவீதம். எல்லாருக்கும் ஒரே கோடு போடறதே தப்புன்னு இதுலயே தெரியுது.

சராசரி எடுபடாதப்ப கம்பெனிக்காரங்க எடுக்கறது "ரெஸ்பாண்டர்". ஸ்கோர் பாதியோ அதுக்கு மேலயோ குறைஞ்சா ரெஸ்பாண்டர், இல்லன்னா இல்ல. 24-ல ஆரம்பிச்சு 12-க்கு வந்தவர் ரெஸ்பாண்டர், 13-ல நின்னவர் கிடையாது. அந்த ஒரு மார்க், அன்னிக்கு ராத்திரி அவர் எத்தன தடவ முழிச்சாருங்கிறதா இருக்கலாம்.

கற்பனையா ஒரு ட்ரையல் போட்டுப் பாருங்க. குரூப்புக்கு 100 பேர், எல்லாரும் 24-ல ஆரம்பம். மருந்துல சராசரி 10 குறையுது, டம்மில 8, பரவல், அதாவது ஸ்டாண்டர்ட் டீவியேஷன், ரெண்டுக்கும் 8, ஸ்கோர் மணி வடிவத்துல பரவியிருக்கு. வேறுபாடு 2 புள்ளி. இப்ப 12-ல கோடு போட்டா மருந்துல சுமார் 40 பேர், டம்மில 31 பேர் ரெஸ்பாண்டர். கோட்ட தள்ளி 7-க்கு கீழ வந்தாத்தான் குணம்னு வச்சா 19 பேர், 13 பேர். அதே டேட்டாதான், ஆனா ஒருத்தர் "2 புள்ளிதான்"னு எழுதலாம், இன்னொருத்தர் "40 சதவீதம் பேர் ரெஸ்பாண்டர்"னு எழுதலாம், மூணாவது ஆள் "குணமாகும் வாய்ப்பு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு"ன்னு போஸ்டர் அடிக்கலாம். மூணுமே பொய் இல்ல. நடுவுல 20 பேர் ட்ரையல விட்டு ஓடிட்டாங்கன்னா அவங்கள கழிச்சிட்டு 80-க்கு 40னு கணக்கு போட்டு "பாதிப் பேர்"னும் சொல்லலாம், இது பொய்க்கு ரொம்ப பக்கம், ஏன்னா ஓடினவங்க பெரும்பாலும் பலன் கிடைக்காமயோ பக்கவிளைவு தாங்காமயோதான் ஓடறாங்க.

இதுல ரெஸ்பாண்டர்ங்கிற பேரே ஒரு வேலை பண்ணுது. லத்தீன்ல மூலம் "பதிலுக்கு உறுதி சொல்றது", நம்ம உளவியல் பாடத்துல ரெஸ்பான்ஸ்க்கு துலங்கல்னு இருக்கு, தூண்டல் இருந்தாத்தான் துலங்கல். மருந்துக்கு துலங்கியவர்னு சொன்ன உடனே மருந்தாலதான் குறைஞ்சுதுன்னு ஆயிடுது. ஆனா டம்மி குரூப்புல இருக்கற அந்த 31 பேர் எதுக்கு துலங்கினாங்க? சில பேருக்கு தானா குறையுது, கவனிப்புல குறையுது, உச்சத்துல இருக்கும்போது ட்ரையல்ல சேந்ததால இறங்கி வருது. மருந்து குரூப்போட 40-லயும் 31 பேர் அளவுக்கு இந்த ரகம்தான் இருக்கும். அதனால நான் போடற சொல் "பாதிக்கு இறங்கியவர்". என்ன நடந்துச்சோ அத மட்டும் சொல்லுது, யாரால நடந்துச்சுன்னு சொல்லல.

எம்சிஐடிக்கு எனக்கு ரெண்டு சொல் வேண்டியிருந்துச்சு. ஒரு ஆளுக்குன்னா "நோயர் உணரும் மிகச்சிறு மாற்றம்". ரெண்டு குரூப்புக்கு நடுவுலன்னா "பொருட்படுத்தத்தக்க மிகச்சிறு வேறுபாடு". கொஞ்சம் நீளம்தான், ஆனா ஒண்ண இன்னொண்ணு இடத்துல போட்டா காதுல உடனே இடிக்கும். மேல சொன்ன ட்ரையல கட்டுரைல நான் இப்படி எழுதுவேன்: "குழுவுக்கு 100 பேர், பாதியில் விலகியவர்களையும் சேர்த்து. மருந்தில் சராசரி 10 புள்ளி, போலி மாத்திரையில் 8 புள்ளி குறைந்தது, வேறுபாடு 2. பாதிக்கு இறங்கியவர்கள் மருந்தில் 40, போலி மாத்திரையில் 31, அதாவது 11 பேர் மருந்து எடுத்தால் ஒருவர் கூடுதல். பாதி என்ற கோடு ஆய்வு தொடங்கும் முன்பே எழுதி வைக்கப்பட்டது." அக்காகிட்ட திரும்ப காமிச்சேன், "இப்ப புரியுது, ஆனா அந்த போலி மாத்திரைங்கிறத டம்மின்னே போடு, வார்டுல எல்லாரும் அப்படித்தான் சொல்றோம்"னா.