'போட்டியின்மை' தப்பு, 'ரகசிய ஒப்பந்தம்' அதைவிடத் தப்பு

வேலை ஒப்பந்தத்துல, போட்டிக் கம்பெனியில சேர மாட்டேன்னு சொல்ற நான்-கம்பீட் ஷரத்தை 'போட்டியின்மை'ன்னும், கம்பெனித் தகவலை வெளிய விட மாட்டேன்னு சொல்ற கான்ஃபிடென்ஷியாலிட்டி ஷரத்தை 'ரகசிய ஒப்பந்தம்'னும் தமிழ்ல எழுதுறதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப் போச்சு. படிக்கிற சாஃப்ட்வேர் எஞ்சினியர் பயப்பட வேண்டியதுக்கு பயப்படாம, வேற எதுக்கோ பயப்படுறாரு.

வேர்ச்சொல் கதை சின்னதுதான். கம்பீட் லத்தீன்ல 'சேர்ந்து தேடு'ங்கிறதுல இருந்து வந்தது, கான்ஃபிடென்ஷியல் 'நம்பு'ங்கிறதுல இருந்து வந்தது. நம்பி சொன்னதைக் காப்பாத்துறதுதான் ரெண்டாவது ஷரத்து.

இப்ப 'போட்டியின்மை'க்கு வருவோம். அது ஒரு நிலையோட பேர். சந்தையில ஒரே கம்பெனி மட்டும் இருந்தா அது போட்டியின்மை. ஆனா ஷரத்து பேசுறது நிலையைப் பத்தி இல்ல, நீங்க செய்யக் கூடாத ஒரு காரியத்தைப் பத்தி. சரி, 'போட்டியிடாமை'ன்னா? இலக்கணம் சரி, ஆனா போட்டியிடுறதுன்னா தேர்தல்தான் ஞாபகம் வருது, அதோட "நான் எங்க போட்டி போடுறேன், இன்னொரு இடத்துல சம்பளத்துக்குத்தானே சேர்றேன்"னு படிக்கிறவர் நினைச்சுட்டு தாண்டிப் போயிடுவாரு, ஆனா அந்த ஷரத்து குறி வைக்கிறதே அந்த சம்பள வேலையைத்தான். 'போட்டித் தடை'ன்னா அரசாங்கம் போட்ட தடை மாதிரி இருக்கு, இங்க வாக்கு கொடுக்கிறது நீங்க. அதனால 'போட்டித்தொழில் தவிர்ப்பு'தான் சரின்னு நான் உறுதியா சொல்வேன்.

'ரகசிய ஒப்பந்தம்'னா ஊருக்குத் தெரியாம போட்ட ஒப்பந்தம். இங்க மறைவா இருக்க வேண்டியது தகவல், ஒப்பந்தம் இல்ல. அமைச்சர்கள் பதவியேற்கும்போது எடுக்கிற உறுதிமொழிக்கு 'ரகசியக் காப்பு'ன்னு நல்ல சொல் ஏற்கனவே இருக்கே, அதை விட்டுட்டு ஏன் புதுசா கண்டுபிடிக்கணும்? 'மறைகாப்பு'ன்னு தனித்தமிழ்ல சொல்றவங்க மேல மரியாதை உண்டு, ஆனா மறைன்னா வேதம்னும் அர்த்தம் வரும், ஒப்பந்தத்துல ரெண்டு அர்த்தத்துக்கு இடம் தரக் கூடாது.

சொல்லை ஏன் இவ்ளோ பிடிச்சுத் தொங்குறேன்னா, ரெண்டு ஷரத்துக்கும் பலம் ஒண்ணு இல்ல. பணப் பரிமாற்ற ஆப் செய்ற ஒரு கம்பெனியில ஒருத்தர் மோசடியைக் கண்டுபிடிக்கிற மாட்யூல் எழுதுறாரு, விலகினா 12 மாசம் போட்டிக் கம்பெனியில சேர மாட்டேன்னு கையெழுத்தும் போட்டிருக்காரு, இப்ப அதே தொழில்ல இன்னொரு கம்பெனி கூப்பிடுதுன்னு வைங்க. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 27 தொழில் செய்றதைத் தடுக்கிற ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாதுன்னு சொல்லுது, அதனால வேலையை விட்ட பிறகான அந்த 12 மாசம் பொதுவா இந்தியாவுல நிக்காது. ஆனா வேலையில இருக்கிற காலத்துக்கு நிக்கும்: 1967-ல கோலிகாரி வழக்குல, 5 வருஷ ஒப்பந்தத்தைப் பாதியில விட்டுட்டு போட்டி ஆலைக்குப் போனவருக்கு எதிரான தடையை உச்ச நீதிமன்றம் உறுதி செஞ்சது. அதனால நோட்டீஸ் காலத்துலயே புதுக் கம்பெனியில வேலையை ஆரம்பிக்கக் கூடாது. வேற நாட்டுச் சட்டம்னா கணக்கே வேற, இங்கிலாந்துல நியாயமான அளவுல இருந்தா விலகின பிறகும் செல்லும், கலிஃபோர்னியாவுல பொதுவா செல்லாது.

ரகசியக் காப்போ விலகின பிறகும் கூடவே வரும். அவரு கத்துக்கிட்ட ஜாவா, பெரிய சிஸ்டம் வடிவமைக்கிற அனுபவம் எல்லாம் அவரோடது, தாராளமா எடுத்துட்டுப் போகலாம். எந்தத் தொகைக்கு மேல எச்சரிக்கை அடிக்கணும்ங்கிற விதிகள், சோர்ஸ் கோட், எந்த வாடிக்கையாளருக்கு என்ன விலைங்கிறது கம்பெனியோடது. மாட்டிக்கிறது பெரும்பாலும் கடைசி வாரத்துலதான், "நான் எழுதின கோட்தானே"ன்னு ரெப்போவை சொந்த கணக்குக்கு `git push` பண்ணுவாரு, இல்ல டாக்குமெண்ட்டை சொந்த மெயிலுக்கு அனுப்புவாரு. ரெண்டுமே பெரும்பாலும் கம்பெனி லாக்ல நேரத்தோட பதிஞ்சிருக்கும். 'போட்டியின்மை'யைப் பார்த்து நடுங்கினவர் 'ரகசிய ஒப்பந்த'த்தை சாதாரணமா எடுத்துக்கிட்டதோட விளைவு இது.

இன்னொண்ணு. ரகசியத் தகவல்னா என்னன்னு சொல்ற வரியை மொழிபெயர்க்கிறவங்க "பணிக்காலத்தில் அறிந்த அனைத்தும்"னு அப்படியே போட்டுட்டு போயிடுறாங்க. அப்படி எழுதினா அவரோட திறமையும் அதுக்குள்ள மாட்டிக்கும், போட்டித்தொழில் தவிர்ப்பு வேற பேர்ல திரும்ப உள்ள வந்துடும். மூலத்துல அதுக்குக் கீழயே வழக்கமா விலக்குகள் இருக்கும்: ஏற்கனவே வெளியில தெரிஞ்சது, சேர்றதுக்கு முன்னாடியே அவருக்குத் தெரிஞ்சது, கம்பெனித் தகவலைத் தொடாம தானா உருவாக்கினது. அந்த வரிகளைத் தமிழ்ல ஒண்ணு விடாம எழுதணும். மூலத்துலயே அது இல்லைன்னா, கையெழுத்துக்கு முன்னாடி சேர்க்கச் சொல்லிக் கேக்கணும்.